ஜெர்மனியிலிருந்து வந்த கடிதமும் குக்கர் கேஸ்கட்டும்: வடசென்னையிலிருந்து அனுப்புவது எப்படி?

என் தங்கை மகன் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் முதுகலை படிக்கிறான். கல்லூரிப் படிப்பு முடியும்வரை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்து வளர்ந்தவன் ஆதலால், எது வேண்டுமென்றாலும் தன் தாயைவிட என்னிடம் கேட்பதுதான் அவனுக்குப் பழக்கம். சென்ற அக்டோபரில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். குளிர், வாடகை, பேராசிரியர் என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் மட்டும் "பெரியம்மா, குக்கரில் விசில் வரவில்லை, நம் வீட்டுக் குக்கருக்கு வாங்குவது போல ஒரு பிரஸ்டீஜ் கேஸ்கட் அனுப்பிவிடுங்கள், வேறு கம்பெனி வேண்டாம்" என்று முடித்திருந்தான்.

நூற்றுச் சொச்சம் ரூபாய்ப் பொருள்தானே என்று நான் மறுநாளே வாங்கி அனுப்பினேன். அது ஜெர்மனியின் சுங்கத்தில் நின்றது. பையன் ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு நகரின் மறுகோடிக்குப் போய், அதிகாரியின் முன்னிலையில் பிரித்துப் பார்த்தான். உள்ளே இருந்தது அவனுடைய குக்கருக்குப் பொருந்தாத வளையம். இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்ததைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். நான் அறிந்தது ஜெர்மனிக்கு அனுப்பும் முறை. மற்ற நாடுகளுக்கு வாங்கும் படிகளும் கட்டும் படிகளும் பொருந்தும். சுங்க வரம்புகளை மட்டும் அந்தந்த நாட்டுக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. வாங்கக் கிளம்புவதற்கு முன் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்

பிள்ளைகள் பிராண்டின் பெயரை எழுதினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேஸ்கட்டைப் பொறுத்தவரை பிராண்டின் பெயர் பாதி விவரம்கூட ஆகாது. ஒரே பிராண்டில் வெளிமூடிக் குக்கரும் உண்டு, உள்மூடிக் குக்கரும் உண்டு. வெளிமூடி என்பது பாத்திரத்தின் வாய்க்கு வெளியே கவிந்து பூட்டிக்கொள்வது. அதன் கேஸ்கட் மூடியின் உட்புற விளிம்பில் அமரும். உள்மூடி என்பது சாய்த்து உள்ளே நுழைத்து, மேலே தூக்கிக் கைப்பிடியில் மாட்டுவது. அதன் கேஸ்கட் மூடியின் விளிம்பைச் சுற்றி நிற்கும். ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றில் எப்படி அழுத்தினாலும் பொருத்த முடியாது.

லிட்டர் கணக்கும் தனியாக நம்பத் தக்கது அன்று. 3 லிட்டர் குக்கர் உயரமாகவும் இருக்கலாம், வாய் அகன்று தட்டையாகவும் இருக்கலாம். கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் வாயின் விட்டம் மாறும், கேஸ்கட்டும் மாறும். எங்கள் வீட்டில் இருப்பது 5 லிட்டர் வெளிமூடிக் குக்கர். அவன் "நம் வீட்டுக் குக்கர்" என்று எழுதியதும் அடுப்பின் மேல் இருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டேன். அவன் கொண்டு போயிருந்ததோ, புறப்படும்போது அவனுடைய அத்தை பரிசாகக் கொடுத்த 3 லிட்டர் உள்மூடிக் குக்கர். பிராண்டு மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

ஆகவே பின்வருவன எல்லாம் கடிதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். குக்கரின் அடிப்பாகத்திலோ கைப்பிடியிலோ பதித்திருக்கும் பிராண்டு, மாடல், லிட்டர் ஆகியவற்றின் படம் ஒன்று. மூடியின் உட்புறப் படம் ஒன்று. பழைய கேஸ்கட்டின் மேல் அச்சாகியிருக்கும் எழுத்துகளின் படம் ஒன்று. பல வளையங்களில் பிராண்டின் பெயரும் அளவும் ரப்பரிலேயே மேடாகப் பதிந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். இவற்றுடன், மூடியில் கேஸ்கட் அமரும் இடத்தின் விட்டத்தை ஸ்கேலை வைத்து சென்டிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். பழைய கேஸ்கட்டை மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம். பலநாள் சூட்டில் ரப்பர் இறுகிச் சுருங்கியிருக்கும்.

இரண்டாவது முறை நான் கேட்டபின் அவன் எழுதியதை ஒரு மாதிரிக்காக இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதை அப்படியே அனுப்பி, இதுபோல் எழுதச் சொல்லலாம்.

"அன்புள்ள பெரியம்மாவுக்கு, வணக்கம். எனக்குத் தேவைப்படுவது பிரஸ்டீஜ் உள்மூடிக் குக்கரின் கேஸ்கட். குக்கர் 3 லிட்டர், அலுமினியம். மாடலின் பெயர் கைப்பிடியில் இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். பழைய கேஸ்கட்டில் உள்ள எழுத்துகளும் மூடியின் அளவும் இரண்டாவது படத்தில் உள்ளன. இரண்டு வளையங்கள் போதும். வேறு எதையும் சேர்த்து வைக்க வேண்டாம். நான் இப்போது நண்பரின் வீட்டில் தங்கியிருக்கிறேன். தபால்பெட்டியில் அவருடைய பெயர்தான் இருக்கிறது, ஆகவே முகவரியைக் கீழே உள்ளபடியே எழுதுங்கள். என் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அதன் கீழே உள்ளன. டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை நான் ஊரில் இருக்கமாட்டேன்."

கடைசி வரி எவ்வளவு பயனுள்ளது என்பது ஐந்தாம் படியில் விளங்கும்.

2. கோளாறு கேஸ்கட்டில்தானா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்

விசில் வரவில்லை என்றாலே கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே, விளிம்பு ஓரமாக ஆவி சீறினால் அல்லது தண்ணீர் வழிந்தால் அது கேஸ்கட்டின் குறை. விளிம்பில் ஒன்றும் கசியாமல், மூடியின் மேலுள்ள சேஃப்டி வால்வு வழியாக ஆவி போனால், அந்த வால்வு உருகிவிட்டது என்று பொருள். தண்ணீர் இல்லாமல் குக்கர் காய்ந்தால் உருகி ஆவியை வெளிவிடுவதற்காகவே அதில் எளிதில் உருகும் உலோகத்தை வைத்திருக்கிறார்கள். அது உருகினால் வால்வைத்தான் மாற்ற வேண்டும், கேஸ்கட்டை மாற்றிப் பயனில்லை. வெயிட்டைச் செருகும் குழாயில் பருப்பு நுரை காய்ந்து அடைத்திருந்தாலும் விசில் வராது; அதற்கு எதையும் அனுப்ப வேண்டாம், ஒரு ஊசியும் சுடுநீரும் போதும். ஆனால் குழாய் அடைத்த குக்கரை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கேஸ்கட்தான் என்று உறுதியானால், பொட்டலம் போய்ச் சேரும்வரை நம் வீடுகளில் செய்வதை அவனும் செய்யலாம்: சமைப்பதற்கு முன் வளையத்தைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து உடனே மாட்டினால் சில நாள் ஓடும். வெடிப்பு விட்டிருந்தால் இது பலிக்காது. அப்போது குக்கரைத் திறந்த பாத்திரமாக வைத்துச் சமைப்பதே நல்லது.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வண்ணாரப்பேட்டையிலும் பாரிமுனையைச் சுற்றிய தெருக்களிலும் பாத்திரக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. வாசலில் வளையல்போல் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் கேஸ்கட்டுகளை வாங்காதீர்கள். கடைக்காரர் "பிரஸ்டீஜ் டைப்" என்று சொன்னால் அது பிரஸ்டீஜ் இல்லை என்றுதான் பொருள். அவர் பொய் சொல்லவில்லை, நாம்தான் காதில் சரியாக வாங்கிக்கொள்வதில்லை.

பையன் "வேறு கம்பெனி வேண்டாம்" என்று எழுதியதை முதலில் நான் வீம்பு என்று நினைத்தேன். அது வீம்பு அல்ல. பல பிரஸ்டீஜ் குக்கர்களின் மூடி விளிம்பில் நீளமாக ஒரு சிறு திறப்பு இருக்கும். வெயிட் குழாய் அடைத்து, சேஃப்டி வால்வும் வேலை செய்யாமல் போனால், மிஞ்சிய அழுத்தம் அந்தத் திறப்பின் வழியாகக் கேஸ்கட்டை வெளியே பிதுக்கி ஆவியை விட்டுவிடும், குக்கர் வெடிக்காது. அந்த இடத்தில் கேஸ்கட் உரிய அழுத்தத்தில் பிதுங்க வேண்டுமானால் அதன் தடிமனும் மென்மையும் அந்த மூடிக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். தடித்த போலி வளையம் ஆவியை நன்றாகத் தடுக்கும், விசிலும் வரும், ஆனால் பிதுங்க வேண்டிய நேரத்தில் பிதுங்காமல் இருந்துவிடக்கூடும். பூட்டிய அறையில் தனியாகச் சமைக்கும் பிள்ளைக்கு இதை அனுப்புகிறோம் என்பதை நினைவில் வைத்தால் ஐம்பது ரூபாய் மிச்சம் பெரிதாகத் தோன்றாது.

அசல் பொருள் தனி உறையில் வரும். உறையில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளரின் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்ற குறிப்பையும் பாருங்கள். வளையத்தின் மேலும் பிராண்டின் பெயர் பதிந்திருக்க வேண்டும். மாதமும் ஆண்டும் மிகப் பழையதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையிலேயே ரப்பர் பாதி இறுகியிருக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் உடனே நேராகத் திரும்ப வேண்டும், மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. முடிந்தால் பிராண்டின் சொந்த விற்பனைக் கடைக்கே போய்விடுங்கள்; கைபேசியில் படத்தைக் காட்டினால் அவர்களே பொருத்தமானதை எடுத்துத் தருவார்கள்.

அச்சிட்ட பில் வாங்க மறவாதீர்கள். துண்டுச் சீட்டில் "1 நெ. கேஸ்கட் – 190" என்று எழுதித் தந்ததை வைத்துக்கொண்டு நான் திரும்பினேன், பின்னால் பொருளின் மதிப்புக்கு ஆதாரம் கேட்டபோது அது எதற்கும் உதவவில்லை. பில்லில் கடையின் பெயர், தேதி, பொருள், எண்ணிக்கை, விலை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.

4. கட்டும் முறை, உடன் வைக்கக் கூடாதவை

கேஸ்கட்டை எட்டுப் போல முறுக்கிச் சிறிய உறையில் திணித்து அனுப்பினால் செலவு குறையும் என்று தோன்றும். இரண்டு மூன்று வாரம் மடிந்த நிலையிலேயே கிடந்தால் மடிப்பு நிலைத்துப்போய், அந்த இடத்தில் ஆவி கசியும். வட்டமாகவே படுக்க வைத்து அனுப்ப வேண்டும். கிழித்து முடித்த தினசரி காலண்டரின் அட்டை இரண்டை நான் பயன்படுத்தினேன். நடுவே இரண்டு வளையங்களையும் உறையோடு வைத்து, நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டி, அதைக் கெட்டியான பழுப்பு உறையில் போட்டேன். மொத்த எடை 250 கிராமுக்குள் அடங்கியது. உறையின் வாயை மட்டும் ஒட்டாமல் கொண்டு போங்கள். கவுன்டரில் உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லக்கூடும். ஒட்டிவிட்டால் அங்கேயே கிழித்து மறுபடி ஒட்ட நேரும். டேப்பும் கத்தரிக்கோலும் கையோடு இருக்கட்டும்.

ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று முகப்பவுடர் தூவும் வழக்கம் சிலரிடம் உண்டு. தபாலில் போகும் பொட்டலத்தில் அதைச் செய்யாதீர்கள். உள்ளே வெள்ளைப் பொடி சிந்திக் கிடக்கும் வெளிநாட்டு உறை எந்தச் சோதனையையும் எளிதில் தாண்டாது.

"இவ்வளவு இடம் சும்மாதானே போகிறது" என்று வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயமாகச் சொல்வார்கள். என் தங்கை நெய் மைசூர்பாகு ஒரு பெட்டி கொண்டுவந்து நின்றாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனிநபருக்குத் தபாலில் பால்பொருளும் இறைச்சியும் அனுப்ப அனுமதி இல்லை; நெய்யில் செய்த இனிப்பும் இதில் மாட்டிக்கொள்ளும். மருந்துகளையும் இப்படித் தபாலில் ஜெர்மனிக்கு வரவழைத்துக்கொள்ள முடியாது. ஆகவே தலைவலித் தைலமும் காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். இவற்றில் ஒன்று உள்ளே இருந்தாலும், ஒரு தொல்லையும் இல்லாத ரப்பர் வளையமும் சேர்ந்து நிற்கும். மைசூர்பாகை நாங்களே சாப்பிட்டோம்.

5. முகவரி

ஜெர்மனியில் கதவு எண்ணையும் மாடியையும் பார்த்துத் தபால்காரர் கொடுப்பதில்லை; தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால், தெருவும் எண்ணும் சரியாக இருந்தும் பொட்டலம் திரும்பிவிடும். மாணவர்கள் பலர் ஒருவரின் வீட்டில் உள்வாடகைக்கு இருப்பார்கள். பெட்டியில் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் இருக்கும். அப்போது முதல் வரியில் மாணவரின் பெயர், இரண்டாவது வரியில் c/o என்று எழுதி அந்தப் பெட்டியில் உள்ள பெயர், மூன்றாவது வரியில் தெருவும் எண்ணும், நான்காவது வரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணும் ஊரும், கடைசியில் நாட்டின் பெயர் என்று எழுத வேண்டும். எங்கள் பையனுக்குப் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரு பெயர், நண்பர்கள் அழைப்பது வேறு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வீட்டில் ஆள் இல்லாமல் போய் அஞ்சலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கும்போது அதைத்தான் ஒப்பிடுவார்கள்.

அஞ்சலகத்தில் பொருளைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் வாங்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகையால்தான் பையன் ஊரில் இல்லாத நாள்களைக் கடிதத்தில் எழுதச் சொன்னேன். பொருள் அந்த நாள்களில் போய்ச் சேராதபடி இங்கே புறப்படும் தேதியைக் கணக்கிடலாம்.

6. படிவமும் ஆவணங்களும்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். பொருளின் விவரம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் "பரிசு" என்று ஒரு சொல் எழுதி, மதிப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். பரிசு என்பது எதற்காக அனுப்புகிறோம் என்பதைச் சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் வட்டமாக எதுவோ தெரிகிறது, படிவத்தில் பொருளின் பெயரும் இல்லை விலையும் இல்லை என்றால், சுங்கத்தார் பெறுநரைக் கூப்பிடாமல் வேறு என்ன செய்வார்கள்?

சிறு பொட்டலங்களுக்குச் சி.என். 22 என்ற சிறிய சுங்கப் படிவமும், மதிப்பு கூடியவற்றுக்கும் பார்சலுக்கும் சி.என். 23 என்ற பெரிய படிவமும் உண்டு. எந்தப் படிவமானாலும் கேட்கும் விவரம் ஏறத்தாழ ஒன்றே. கவுன்டரில் இருப்பவர் இவற்றைக் கணினியிலும் பதிவார். நெரிசலில் நாம் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்வதைவிட, முன்னதாகவே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிழை நேராது. நான் இரண்டாவது முறை கொடுத்தது இது:

```
Rubber gasket for household pressure cooker
Qty: 2   Net weight: 0.12 kg   Value: INR 380
HS code: 401693   Origin: India   Category: Gift
```

இதில் உள்ள ஆறு இலக்க எண், கடினமாக்கப்படாத வல்கனைஸ் ரப்பரால் ஆன கேஸ்கட், வாஷர் வகைகளுக்கு உலகெங்கும் சுங்கத்தார் பயன்படுத்தும் வகைப்பாட்டு எண். இதை எழுதிவிட்டால் என்ன பொருள் என்ற கேள்விக்கே இடமில்லை. மதிப்பைப் பில்லில் உள்ளபடி எழுதுங்கள். குறைத்தும் எழுத வேண்டாம், "விலை இல்லை" என்றும் எழுத வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் பெறாமல் எப்போதாவது அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்புவரை வரியின்றி ஜெர்மனிக்குள் போகும். 380 ரூபாய் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஆனால் "பணம் பெறாமல்" என்பதைக் கவனியுங்கள்: பிள்ளை பணம் அனுப்பி நம்மை வாங்கச் சொன்னால் அது பரிசு ஆகாது. அப்படியே, பையனின் நண்பர்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதினைந்து கேஸ்கட் அனுப்பினால், மதிப்பு வரம்புக்குள் இருந்தாலும் வியாபாரச் சரக்கு என்ற சந்தேகம் வரும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை: அனுப்புபவரின் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் அசலும் நகலும், பில்லின் அசலும் நகலும், பெறுநரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும். பில்லின் நகல் ஒன்றை உறைக்குள்ளும் வைத்துவிடுங்கள். அனுப்புபவர் என்ற இடத்தில் யாருடைய அடையாள அட்டை கொண்டு போகிறோமோ அவருடைய பெயர்தான் இருக்க வேண்டும். தங்கை பெயரை எழுதிவிட்டு என் ஆதாரை நீட்டியதில் ஒரு படிவம் வீணாயிற்று.

7. எங்கே, எந்தச் சேவையில், எவ்வளவு செலவில்

வெளிநாட்டுப் பதிவு அடிக்கடி நடக்கும் பெரிய அஞ்சலகத்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். எங்கள் பகுதியினருக்கு ராஜாஜி சாலையில் உள்ள பொது அஞ்சலகம்தான் வசதி. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காலையில் கவுன்டர் திறந்தவுடன் போங்கள், திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கே இரண்டு வழிகளைக் கேளுங்கள். ஒன்று, பன்னாட்டு விரைவு அஞ்சல். மற்றொன்று, சிறு பொட்டலங்களுக்கென்றே உள்ள, ஐ.டி.பி.எஸ். என்று சொல்லப்படும் பன்னாட்டுத் தடமறி பொட்டலச் சேவை. முதலாவது வேகமானது, விலை கூடியது. இரண்டாவது சற்று மெதுவானது, ஆனால் தடம் பார்க்கும் எண் அதற்கும் உண்டு. நான் முதல் முறை விரைவு அஞ்சலிலும் இரண்டாவது முறை தடமறி பொட்டலமாகவும் அனுப்பினேன். இரண்டாவதற்கு வரியோடு 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. முதலாவதற்கு அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கட்டணம் நாட்டுக்கும் எடைக்கும் ஏற்ப மாறுவதால், அஞ்சல் துறையின் இணையதளத்தில் எடையைக் கொடுத்து முன்னதாகவே பார்த்துக்கொண்டு போங்கள். ஒட்டுதாள், அட்டை எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். வளையத்தை மட்டும் நிறுத்துவிட்டுப் போனால் கணக்கு தவறும்.

தனியார் கூரியர் முகவர்கள் பாரிமுனையில் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்தபோது, எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அரை கிலோவுக்கான கட்டணம் கேட்டார்கள். கால் கிலோ ரப்பருக்கு அது கட்டுப்படியாகாது. யாராவது அந்த ஊருக்கே பயணமாகிறார்கள் என்றால் அவர்களின் பெட்டியில் வைத்து அனுப்புவது எல்லாவற்றையும்விட மலிவு. நம் ஊரிலிருந்து குளிர்காலப் பருவத்துக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் கிளம்புவார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு கணக்கும் போடுங்கள். 380 ரூபாய்ப் பொருளுக்கு 600 ரூபாய் தபால் செலவு. அங்கேயே இந்தியக் கடையில் அதே பிராண்டும் அதே மாடலும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் பையன் இரண்டு கடைகளில் விசாரித்தான். வெளிமூடிக்கு இருந்தது, உள்மூடிக்கு இல்லை.

8. அனுப்பிய பின்

ரசீதில் இரண்டு எழுத்தும் ஒன்பது எண்ணும் கடைசியில் IN என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். அதைக் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். சென்னையில் சுங்கத்தைத் தாண்டி விமானம் ஏறும்வரை நம் அஞ்சல் துறையின் தளத்தில் நகர்வு தெரியும். அதன்பின் பல நாள் ஒன்றும் நகராததுபோல் இருக்கும். பதறாமல் அதே எண்ணை ஜெர்மன் தபாலின் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இரண்டாவது பொட்டலம் 17 நாளில் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் நடுவில் அனுப்பினால் கிறிஸ்துமஸ் நெரிசலில் மேலும் தாமதமாகும்; நவம்பர் முதல் வாரமே அனுப்பிவிடுவது நல்லது.

சுங்கத்திலிருந்து பிள்ளைக்குக் கடிதம் வந்தால் அதில் கடைசித் தேதி குறித்திருக்கும். அந்தக் கடிதம், பாஸ்போர்ட், பில்லின் படம் ஆகியவற்றோடு அதற்குள் போக வேண்டும். போகாவிட்டால் பொட்டலம் நம் வாசலுக்கே திரும்பி வரும்.

கேஸ்கட் கைக்கு வந்ததும் நேராகப் பருப்பைப் போட்டு ஏற்ற வேண்டாம் என்று எழுதினேன். புது வளையத்தைக் கழுவி மாட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி, வெயிட்டைப் போட்டு வைக்க வேண்டும். அங்கே இருப்பது மின் அடுப்பு. சூடேற நம் கேஸ் அடுப்பைவிட நேரம் பிடிக்கும், அணைத்த பின்னும் தட்டு கனன்றுகொண்டே இருக்கும், ஆகவே விசில் வந்ததும் குக்கரைத் தட்டிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். விளிம்பில் ஆவி இல்லாமல் விசில் வந்தால் பொருத்தம் சரி. முதல் விசிலுக்கு முன் விளிம்பில் லேசாகக் கசிந்து தானே நின்றுவிட்டால் அது புது ரப்பர் படிவது. நிற்காமல் கசிந்தால் மூடியைத் திறந்து வளையம் எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வளையத்தை ஆணியில் தொங்கவிடாமல், அடுப்பிலிருந்து தள்ளி, வந்த காலண்டர் அட்டையின் நடுவிலேயே படுக்க வைத்திருக்கிறான்.